ஏ, பீ, சீ தெரியாத பிள்ளை "பின்" என்று வாசிக்கிறாள்: ஃபோனிக்ஸை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது?

ஆரையம்பதி அம்மா
பெப்ரவரி 9, இரவு 8.40

மகளுக்கு நாலரை வயது. முன்பள்ளியில் ஆங்கிலம் ஃபோனிக்ஸ் முறையில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேற்று மாமி அவளை இருத்தி "ஏ, பீ, சீ சொல்லு" என்று கேட்டார். பிள்ளை "ஸ்ஸ், அ, ட்" என்றாள். மாமிக்குக் கோபம். மூன்று மாதம் காசு கட்டி என்ன படித்தாய் என்று எனக்குத்தான் ஏச்சு. ஆனால் அதே பிள்ளை காலண்டரின் ஓரத்தில் நான் எழுதிய மூன்றெழுத்துச் சொல்லைப் பார்த்து "பின்" என்று தானாக வாசித்தாள். நான் படிக்கும்போது ஏ, பீ, சீ முடித்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அப்படி வாசித்தேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? மாமிக்கு விளங்குகிற மாதிரி யாராவது சொல்லித் தாருங்கள்.

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 9, இரவு 9.25

மாமியை "பீ, ஐ, என்" என்று வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "பீஐஎன்" என்றுதான் வரும், "பின்" வராது. இப்போது "ப், இ, ன்" என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டாம் தரமே "பின்" வந்துவிடும். பீ, ஐ, என் என்பவை எழுத்துகளின் பெயர்கள். ப், இ, ன் என்பவை அவை வாயில் போடும் ஒலிகள். நாங்கள் பெயரைப் படித்தோம், உங்கள் மகள் ஒலியைப் படிக்கிறாள்.

பதினொரு வருடமாக முன்பள்ளியில் இருக்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் வருகிறது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ப, ட, ம் என்று எழுத்தைச் சொன்னாலே "படம்" ஆகிவிடும். அதனால்தான் எங்கள் பெற்றோருக்கு ஆங்கிலத்தின் சிக்கல் கண்ணில் படுவதில்லை.

களுவாஞ்சிக்குடி சேர், ஓய்வு
பெப்ரவரி 10, காலை 6.15

மகள், தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று என்றீர்களே, அது முற்றாகச் சரி என்று சொல்ல முடியாது. எங்கள் காலத்து அரிவரியில் "கானா, ஙானா" என்றுதான் சொன்னோம். "கானா அரவு கா" என்று கூட்டி வாசித்தோம். அதுவும் பெயர்தான். மெய்யெழுத்தைச் சொல்லும்போதும் முன்னால் ஒரு இகரம் போட்டு "இக், இங், இச்" என்கிறோம். "அம்மா" என்பதை "அ, இம், மா" என்று எழுத்துக்கூட்டினால் நடுவில் இல்லாத ஒரு இகரம் வருகிறது. பிள்ளை அதைத் தானாகக் கழற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் தேடுவது வேறிடத்தில் இருக்கிறது. க் + அ = க, க் + ஆ = கா என்று ஏட்டில் எழுதினோமே, அது என்ன? 18 மெய்யையும் 12 உயிரையும் வைத்து 216 உயிர்மெய்யைப் படித்தவர்கள் நாங்கள். ஒலியை ஒலியோடு சேர்க்கும் வேலையை ஏடு தொடக்கிய எல்லோரும் செய்திருக்கிறோம்.

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 10, காலை 6.50

சேர் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இத்தனை வருடமும் ஃபோனிக்ஸ் ஒரு புது முறை என்றுதான் கூட்டத்தில் சொல்லி வந்தேன். அதனால்தான் பெற்றோர் பயந்தார்கள் போல. "ப் + இ = பி, அதோடு ன், பின்" என்று எழுதிக் காட்டியிருந்தால் மாமிக்கும் அது தெரிந்த விசயம்தானே.

ஆங்கிலத்தின் "எம், என், எல், எஸ்" என்ற பெயர்களும் எங்கள் "இம், இன், இல்" மாதிரியே முன்னால் ஒரு உயிர் சேர்த்த பெயர்கள். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அந்த எழுத்துகளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் இல்லை. தடுமாறுவது "எச், வை, டபிள்யூ" மூன்றிலும்தான், ஏனென்றால் அந்தப் பெயர்களுக்குள் அந்த ஒலியே கிடையாது. "எச்" என்ற பெயரில் ஹ் எங்கே இருக்கிறது? போன வருடம் ஒரு பையன் "வெட்" என்ற சொல்லை வை எழுத்தில் தொடங்கி எழுதினான். அவன் பிழை விடவில்லை. எழுத்தின் பெயரை நம்பினான்.

காத்தான்குடி வாப்பா
பெப்ரவரி 10, பகல் 1.30

நாங்கள் குர்ஆன் மதரஸாவில் "மீம் நூன் ஸபர் மன்" என்று ஓதித்தான் படித்தோம். முதலில் பெயர், பிறகு குறி, கடைசியில் ஒலி. பெயர் சொல்லிப் படித்தால் வாசிப்பு வராது என்கிறீர்களே, எங்களுக்கு வந்ததே ரீச்சர்?

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 10, பிற்பகல் 2.10

நல்ல கேள்வி. மீம் என்ற பெயர் ம் என்ற ஒலியில் தொடங்குகிறது, நூன் ன் என்ற ஒலியில். ஏறக்குறைய எல்லாப் பெயரும் தன் ஒலியை முன்னால் வைத்திருக்கிறது. அதோடு ஸபர் என்ற குறி "இங்கே அ" என்று சொல்லிவிடுகிறது. கடைசியில் "மன்" என்று சேர்த்து ஓதாமல் உங்கள் உஸ்தாத் விட்டிருக்கவே மாட்டார். எங்கள் ஆங்கில வகுப்பில் அந்தக் கடைசிப் படி இருக்கவில்லை. "பீ ஐ என் பின்" என்று ரீச்சர் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். எப்படி "பின்" ஆனது என்று யாரும் காட்டவில்லை.

காத்தான்குடி வாப்பா
பெப்ரவரி 10, பிற்பகல் 2.25

அப்படியென்றால் ஸபர் இல்லாத அரபு மாதிரித்தான் ஆங்கிலம். பார்த்தே பழக வேண்டும்.

கல்முனை ரியூசன் சேர்
பெப்ரவரி 10, இரவு 10.05

நான் 3ஆம் தரத்திலிருந்து 5ஆம் தரம் வரை எடுக்கிறேன். ஃபோனிக்ஸ் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குச் சரி. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலியோ 44 அளவில் இருக்கிறது. "வொஸ்", "செட்", "வன்" என்ற சின்னச் சொற்களே ஒலிப்படி எழுதப்படுவதில்லை. மனப்பாடம்தான் வழி. சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் பக்கம் பக்கமாக வாசிக்கிறார்கள்.

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 11, காலை 5.40

சேர், 44 என்பது சரி. "வொஸ்" மாதிரிச் சொற்களில் ஒரு பகுதியைக் கண்ணால் பழகத்தான் வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பக்கம் பக்கமாக வாசிக்கிறார்கள்" என்ற இடத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

என் தங்கச்சியின் மகன் 3ஆம் தரத்தில் ஆங்கிலப் புத்தகத்தைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பான். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்தேன், வேகம் குறைந்தது. பிறகு ஒரு கடதாசியில் "பின்" எழுதிக் கொடுத்தேன், வாசித்தான். முதல் எழுத்தை மட்டும் மாற்றி "டின்" ஆக்கினேன். "பின்" என்றான். கடைசி எழுத்தை மாற்றி "டிப்" ஆக்கினேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு மீண்டும் முதல் எழுத்தை மாற்றி "ஸிப்" எழுதினேன். அழுதுவிட்டான். ஒரு வருடமாக அவன் வாசிக்கவே இல்லை. படத்தையும் முதல் எழுத்தையும் வைத்து நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான், நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் வகுப்பிலும் இதே நான்கு சொல்லைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு எழுத்தை மாற்றுங்கள், படம் வேண்டாம். இங்கிலாந்தில் 2012 முதல் 1ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொல் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள், அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடத்தால் சொல்ல முடியாதவையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி.

வாழைச்சேனை அப்பா
பெப்ரவரி 11, காலை 9.00

என் மகன் 4ஆம் தரம். தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. இந்த வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா? வாழைச்சேனைப் பக்கம் எங்கே இருக்கிறது?

களுவாஞ்சிக்குடி சேர், ஓய்வு
பெப்ரவரி 11, காலை 9.45

தம்பி, இங்கே பேசுவது ஆங்கிலம். உங்கள் மகனுடைய விசயம் வேறு. 4ஆம் தரத்திலும் அப்படி என்றால் முதலில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். இரண்டாம் மொழியை இப்போது மேலே ஏற்ற வேண்டாம்.

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 18, இரவு 8.15

நேற்று எங்கள் முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம். 23 பேர் வந்தார்கள். களுவாஞ்சிக்குடி சேர் சொன்னதை வைத்து இந்தத் தடவை விளக்கம் குறைவாகவும் செய்முறை கூடுதலாகவும் வைத்தேன். ஆங்கில எழுத்தைத் தொடவே இல்லை, தொட்டால் படித்தவர்கள் முன்னுக்கு வருவார்கள், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். பலகையில் குறிகளை மட்டும் எழுதினேன்.

முதலில் பழைய முறை. ○ + △ என்று எழுதி "வட்டம், கூட்டல், முக்கோணம், பல்" என்று ஐந்து தரம் சொல்ல வைத்தேன். அடுத்தது □ + △, "பெட்டி, கூட்டல், முக்கோணம், கல்". அடுத்தது □ + ☆, "பெட்டி, கூட்டல், நட்சத்திரம், கண்". எல்லோரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரத்துச் சொன்னார்கள். பிறகு ○ + ☆ என்று எழுதிவிட்டுப் பேசாமல் நின்றேன். "வட்டம், கூட்டல், நட்சத்திரம்" என்று எல்லோருக்கும் சொல்லத் தெரிந்தது. அது என்ன சொல் என்று தெரியவில்லை. ஒருவர் "கண்" என்றார், இன்னொருவர் "பல்" என்றார். என் தங்கச்சி மகன் முகத்தில் பார்த்த அதே பார்வையை 20 பெரியவர்களின் முகத்தில் பார்த்தேன்.

பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். ○ இது ப், □ இது க், + இது அ, △ இது ல், ☆ இது ண். ஒவ்வொன்றையும் இரண்டு தரம்தான் சொன்னேன். மீண்டும் ○ + ☆ எழுதினேன். "ப்... அ... ண்... பண்!" பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா முதலில் சொன்னார். பிறகு ◇ இது ம் என்று ஒரே ஒரு குறியைச் சேர்த்து ◇ + ☆ எழுதினேன். "மண்" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் படிப்பிக்கவே இல்லை. மொத்தமாக ஏழு நிமிடம் போயிருக்கும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. முதல் சுற்றிலேயே ஒரு அப்பா "பண்" என்று சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். "பல்லும் கல்லும் ஒரே மாதிரி முடிகிறது, அதனால் முக்கோணம் ல் ஆகத்தான் இருக்க வேண்டும்" என்றார். கடற்றொழிலுக்குப் போகிறவர், 8ஆம் தரம் வரை படித்தவர். பழைய முறையில் படித்தும் நாங்கள் பலர் வாசிக்கக் கற்றது இப்படித்தான், யாரும் காட்டாமல் தாங்களே பிரித்துக் கண்டுபிடித்தவர்கள். மற்ற 22 பேரின் கதைதான் என் கவலை.

ஆரையம்பதி அம்மா
பெப்ரவரி 18, இரவு 9.30

மாமிக்கு இதை இப்போதே சமையலறைத் தரையில் சோக்கால் எழுதிச் செய்து காட்டினேன். "பண்" வந்தது. ஆனால் அவர் "பு, அ, ணு" என்றுதான் சொல்கிறார். மகளும் கேட்டுவிட்டு "பு, இ, னு" என்று மாறிவிட்டாள். இப்போது "பின்" வரவில்லை, "புஇனு" வருகிறது!

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 18, இரவு 10.10

வீட்டில் கெட்டுப்போகிற இடம் இதுதான், உடனே திருத்துங்கள். எங்கள் நாக்கு மெய்யில் முடிக்கப் பிடிக்காமல் ஒரு உகரத்தை ஒட்டிக்கொள்ளும். "பஸ்" எப்படி "பஸ்சு" ஆகிறதோ அப்படி. பேச்சில் பரவாயில்லை, ஒலி சேர்க்கும்போது அந்த உகரம் நடுவில் நின்று தடுக்கும்.

மாமியிடம் புள்ளியை ஞாபகப்படுத்துங்கள். பு இல்லை, ப். மோவாய்க்கட்டையின் கீழ் புறங்கையை வைத்து "பு" சொன்னால் தாடை இறங்கும். "ப்" என்று உதட்டை மட்டும் வெடிக்க விட்டால் தாடை அசையாது. மகளுக்கு நாளைக்கு ப், ட், க் வேண்டாம். இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள்: ஸ்ஸ்ஸ், ன்ன்ன், ம்ம்ம். இழுத்தால் உகரம் வருவதற்கு இடமில்லை. "இஇஇன்ன்ன்" என்று மூச்சை விடாமல் இரண்டு ஒலியையும் ஒட்டட்டும், "இன்" வரும். அது வந்த பிறகு உதட்டை மூடிக்கொண்டு ப் போடச் சொல்லுங்கள், "பின்" தானாக வரும்.

நாங்கள் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குவதற்குக் காரணமும் உண்டு. இழுக்கக்கூடியது இரண்டு, உயிர் இரண்டு, வெடிப்பது இரண்டு. இந்த ஆறை வைத்தே ஒரு டசினுக்கு மேல் சொல் வாசிக்கலாம். ஏ, பீ, சீ, டீ என்று வரிசையாகப் போனால் முதல் நான்கில் எத்தனை சொல் கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

கல்முனை ரியூசன் சேர்
பெப்ரவரி 20, இரவு 10.40

நான்கு சொல்லையும் என் வகுப்பில் செய்தேன். 16 பேரில் ஐந்து பேர் நான்கையும் வாசித்தார்கள். மற்றவர்களில் ஏழு பேர் பக்கத்தை ஒப்பிப்பதில் கெட்டிக்காரர்கள். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஆனால் என் கேள்வி நிற்கிறது. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு "ஸிப்" என்றால் என்ன என்று தெரியவில்லை. வாசித்து என்ன பயன்?

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 21, காலை 5.30

செய்து பார்த்து எழுதியதற்கு நன்றி சேர். இரண்டாவது கேள்வி எனக்கும் உண்டு. ஆங்கிலம் வீட்டில் பேசுகிற பிள்ளை "ஸ்... இ... ப்" என்று தடுமாறிச் சொன்னாலும் அந்தச் சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது, பிழையைக் காதே திருத்தும். எங்கள் பிள்ளைக்குச் சரியாக வாசித்தாலும் அது வெறும் சத்தம். அதனால்தான் நான் சொல்லைப் பொருளோடும் செயலோடும் முதலில் பேச விட்டு, பிறகுதான் எழுத்தில் காட்டுகிறேன். பின், டின், மெப் எல்லாம் எங்கள் வீட்டிலும் புழங்குகிற சொற்கள். "ஸிப்" என்றால் ஒரு கோப்பை தண்ணீரை உறிஞ்சிக் காட்டிவிட்டுத்தான் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் 1ஆம், 2ஆம் தரங்களில் வாய்ப் பேச்சாக வைத்து 3ஆம் தரத்தில் பாடமாக எடுப்பதை நல்ல ஒழுங்கு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருடம் உண்மையாகவே பேச்சில் போக வேண்டும்.

சொல்லுக்கு மேலே தமிழில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள் சேர். செல்லப்பிராணிக்கும் கட்டிலுக்கும் பந்தயத்துக்கும் தமிழில் ஒரே "பெட்" தான் எழுத முடியும். பிள்ளை அதை வாசித்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். "பாம்பு" என்று சொல்லச் சொல்லி, தொண்டையில் விரலை வைக்கச் சொல்லுங்கள். முதல் ப் அதிராது, இரண்டாவது அதிரும். இரண்டு ஒலியும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துத்தான் எங்களிடம் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு.

களுவாஞ்சிக்குடி சேர், ஓய்வு
பெப்ரவரி 21, காலை 7.00

"பாம்பு" நல்ல உதாரணம். "தந்தை"யும் அப்படியே. ஆனால் நாலரை வயதில், தமிழ் மெய்யெழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு, இரண்டு மொழியின் ஒலியையும் ஒன்றாகக் கொடுப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அரிவரி முடியட்டும்.

கல்லடி ரீச்சர்
பெப்ரவரி 21, இரவு 8.50

சேர், இதில் நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் இரண்டும் சேர்ந்து போய் நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு, இரண்டும் குழம்பி நான் ஆங்கிலத்தை நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. போன வருடம் அப்படி மூன்று பேர். அவர்களுக்குத் தமிழில் "க் + அ" பிடிபடும் வரைக்கும் காத்திருந்தேன். அது வந்ததும் ஆங்கிலம் விரைவாக வந்தது.

ஆரையம்பதி அம்மா
மார்ச் 2, இரவு 7.20

புறங்கை வைத்தியம் வேலை செய்தது. "இன்" வந்து, பிறகு "பின்" திரும்பி வந்துவிட்டது. இன்று பிஸ்கட் டின்னில் எழுதியிருந்ததைப் பார்த்து "டின்" என்றாள். மாமி பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு நட்சத்திரம் பெட்டி எல்லாம் எழுதிக் காட்டுகிறார். ஆனால் அடுத்த வருடம் பள்ளிக்கூட அனுமதிக்கு ஏ, பீ, சீ கேட்பார்களாம். இப்போது பெயரையும் சொல்லிக் கொடுக்கலாமா?

கல்லடி ரீச்சர்
மார்ச் 2, இரவு 8.05

கொடுக்கலாம். பெயர் ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது முதலில் வேண்டாம். ஒலி நன்றாக ஊன்றிய ஆறு எழுத்துகளுக்கு மட்டும் இப்போது பெயரைச் சேருங்கள். "இவரின் பெயர் எஸ், இவர் போடும் சத்தம் ஸ்ஸ்" என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். மாட்டின் பெயர் மாடு, சத்தம் "ம்மா" என்று அவளுக்குத் தெரியும்தானே. வாசிக்கும்போது மட்டும் பெயரைச் சொன்னால் "சத்தம் என்ன?" என்று கேளுங்கள்.

மாமியிடம் ◇ இது ம் என்று சேர்த்த பிறகு "மல்" எழுதச் சொல்லுங்கள். எங்கள் பேச்சில் அது தனிச் சொல்லாகப் புழங்குவதில்லை. அவர் அதை வாசிக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.